பத்து ஜி.பி.யில் முட்டி நிற்கும் பில்

மார்ச் 30, மாலை ஆறரை மணி. திருநெல்வேலியில் ஒரு மொத்த மருந்துக் கடையிலிருந்து பில் போடும் தம்பி போன் செய்தான். "அண்ணே, பழைய பில்லெல்லாம் தொறக்கு. ஸ்டாக் பாக்கலாம், பிரின்ட் எடுக்கலாம். புதுசு மட்டும் சேவ் ஆக மாட்டேங்கு." பின்னால் முதலாளியின் குரல் கேட்டது. வருஷக் கடைசி. வெளியே இரண்டு வேன் சரக்கோடு நிற்கின்றன. பில் இல்லாமல் வேன் கிளம்ப முடியாது.

திரையில் வந்ததைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். சிவப்பு எழுத்தில் நான்கு வரி:

```
Could not allocate space for object 'dbo.SalesDocs'.'PK_SalesDocs'
in database 'Billing' because the 'PRIMARY' filegroup is full.
Create disk space by deleting unneeded files, ...
```

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது 1105 என்ற எண்ணில் பழக்கமான செய்தி. புதிதாகப் பார்க்கிறவரை இது நேராகத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும். "டிஸ்க் நிறைந்துவிட்டது, தேவையில்லாத ஃபைல்களை அழியுங்கள்" என்றுதான் அது சொல்கிறது. தம்பியும் அப்படியே நம்பி, எனக்குப் போன் செய்வதற்கு முன்பே டெஸ்க்டாப்பில் இருந்த சினிமாப் படங்களை எல்லாம் அழித்திருக்கிறான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரின் டி டிரைவில் 180 ஜி.பி. காலியாகக் கிடந்தது. நிறைந்தது டிஸ்க் அல்ல. அந்தக் கடையின் மென்பொருள் தன் கணக்கை எல்லாம் வைத்திருக்கும் எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் தனக்கு விதிக்கப்பட்ட எல்லையைத் தொட்டுவிட்டது.

மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கும் டேட்டாபேஸ். அதன் இலவசப் பதிப்புதான் எக்ஸ்பிரஸ். இலவசம் என்றாலும் தொழிலுக்குப் பயன்படுத்தத் தடையில்லை. அதனால்தான் மருந்துக்கடை, ரத்தப் பரிசோதனை நிலையம், பள்ளிக்கூட ஃபீஸ் கவுன்டர் என்று நம் ஊர்களில் ஓடும் ஏராளமான மென்பொருள்களுக்கு அடியில் அது உட்கார்ந்திருக்கிறது. மேலே பில் போடுகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இலவசத்துக்கு ஈடாக மைக்ரோசாஃப்ட் வைத்த வரம்புகளில் ஒன்று, ஒரு டேட்டாபேஸ் எவ்வளவு பெரிதாகலாம் என்பது. 2005 பதிப்பில் அது 4 ஜி.பி. 2010-இல் வந்த 2008 ஆர்2 பதிப்பில் 10 ஜி.பி. ஆனது. அதன்பிறகு 2022 பதிப்பு வரை அந்தப் பத்து அப்படியே நின்றது. 2025 பதிப்பில்தான் அதை 50 ஜி.பி. ஆக்கியிருக்கிறார்கள். திருநெல்வேலிக் கடையில் ஓடிக்கொண்டிருந்தது 2017 பதிப்பு. ஆகவே பத்து, கணக்காகச் சொன்னால் 10,240 எம்.பி.

இந்த எல்லையில் எது சேரும், எது சேராது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். ஒரு டேட்டாபேஸ் குறைந்தது இரண்டு ஃபைல்களாக இருக்கும். ஒன்று டேட்டா ஃபைல். `.mdf` என்று முடியும். மற்றது லாக் ஃபைல். `.ldf` என்று முடியும். எல்லை டேட்டா ஃபைலுக்கு மட்டும்தான். லாக் எவ்வளவு வளர்ந்தாலும் அது டிஸ்க்கைத்தான் தின்னும், பத்தில் சேராது. இன்னொன்று, எல்லை ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனித்தனி. ஒரே சர்வரில் ஐந்து டேட்டாபேஸ் இருந்தால் ஒவ்வொன்றும் பத்து வரை போகலாம்.

தொட்டதும் என்ன ஆகும்? டேட்டாபேஸ் செத்துவிடாது. இருப்பதைப் படிக்கலாம். அழிக்கலாம். பேக்கப் எடுக்கலாம். புதுப் பதிவு ஏறாது. இருக்கிற பதிவைத் திருத்தி அது முன்னைவிடப் பெரிதானால் அதுவும் ஏறாமல் போகலாம். தம்பி சொன்னது வரிக்கு வரி அதுதான்.

தொலைவிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குள் போனேன். சந்தேகத்தை உறுதிப்படுத்த இரண்டு கேள்வி போதும்.

```sql
SELECT SERVERPROPERTY('Edition'), SERVERPROPERTY('ProductVersion');

SELECT name, size/128 AS AllottedMB,
       FILEPROPERTY(name,'SpaceUsed')/128 AS UsedMB
FROM sys.database_files WHERE type = 0;
```

முதல் கேள்விக்கு `Express Edition` என்று பதில் வந்தால் எல்லை உண்டு. பதிப்பு எண் 14 என்று தொடங்கினால் 2017. 17 என்று தொடங்கினால் 2025. இரண்டாவது கேள்வி டேட்டா ஃபைலைப் பற்றியது. சர்வர் இடத்தை எட்டு எட்டு கே.பி. பக்கங்களாக எண்ணுகிறது. 128 பக்கம் ஒரு எம்.பி. என்பதால் அந்த வகுத்தல். `AllottedMB` என்பது ஃபைல் டிஸ்க்கில் பிடித்து வைத்திருக்கும் இடம். `UsedMB` என்பது அதற்குள் உண்மையில் நிரம்பியது. எல்லை முதலாவதற்கு, பில் ஏறுமா ஏறாதா என்பதைச் சொல்வது இரண்டும் சேர்ந்து. அன்றைக்கு முதலாவது 10,240. இரண்டாவது 10,230.

செய்தி சொல்கிற இன்னொரு யோசனையையும் பலர் செய்து பார்ப்பார்கள்: காலியான டி டிரைவில் இரண்டாவது டேட்டா ஃபைல் ஒன்றைச் சேர்ப்பது. எக்ஸ்பிரஸில் அது நடக்காது. எல்லா டேட்டா ஃபைல்களையும் கூட்டித்தான் எல்லை பார்க்கப்படும். சேர்க்கப் போனால் 1827 என்ற வேறொரு பிழை வந்து, உண்மையான காரணத்தை அதுதான் முதன்முதலாகச் சொல்லும்: உரிம எல்லையான 10240 எம்.பி.யைத் தாண்டுகிறது என்று. முதலாவது செய்தியிலேயே அதைச் சொல்லியிருந்தால் எத்தனையோ கடைகளில் ஒரு மாலைப்பொழுது மிச்சமாகியிருக்கும்.

அடுத்த கேள்விதான் முக்கியம். எது நிறைத்தது? அதைப் பார்க்காமல் வழி தேடுவது, எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் தொட்டியை மாற்றுவது போல. சர்வரைக் கையாளும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் டேட்டாபேஸ் பெயர்மேல் வலப்பக்க கிளிக் செய்து `Reports`, `Standard Reports`, `Disk Usage by Top Tables` என்று போனால் எந்த டேபிள் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாகக் காட்டும். பில்லும் ஸ்டாக்கும் வரவு செலவும் சேர்ந்த மொத்த வியாபாரமே 1,640 எம்.பி.தான். யார் எந்தப் பதிவை எப்போது திருத்தினார்கள் என்று எழுதி வைக்கும் தணிக்கைத் தடம் 1,940. மேலே, எல்லாவற்றுக்கும் தலைப்பில், `SalesDocs` என்ற ஒரே டேபிள் 6,250 எம்.பி.

அந்த டேபிளில் என்ன இருந்தது? இருபது மாதத்துக்கு முன் மென்பொருளுக்கு ஒரு அப்டேட் வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பில்லின் பி.டி.எஃப். நகலும் டேட்டாபேஸுக்குள்ளேயே சேர்கிறது. வாடிக்கையாளர் மறுபடி கேட்டால் ஒரு கிளிக்கில் அனுப்பலாம் என்ற நல்ல எண்ணம்தான். நாளைக்கு இருநூறு பில், மாதம் இருபத்தைந்து நாள், இருபது மாதம்: ஒரு லட்சம் பி.டி.எஃப். ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தேன், 24 கே.பி. அப்படியானால் ஒரு லட்சத்துக்கு 2,350 எம்.பி. அளவில்தானே வர வேண்டும்? 6,250 எப்படி ஆனது?

பி.டி.எஃப். என்பது வெறும் எழுத்து அல்ல, பைட்டுகளின் தொகுதி. எழுதியவர் அதை அப்படியே வைக்காமல் பேஸ்64 என்ற முறையில் எழுத்தாக மாற்றி வைத்திருந்தார். அந்த முறையில் மூன்று பைட் நான்கு எழுத்தாகும். ஆக 24 கே.பி. 32 ஆயிற்று. அந்த எழுத்தை வைத்த இடமோ `nvarchar(max)` வகை. அது உலக மொழிகளை எல்லாம் ஏற்கும் வகை என்பதால் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் இரண்டு பைட் எடுக்கும். 32 மறுபடி இரட்டித்து 64 ஆயிற்று. ஒரு பில்லுக்கு 24 கே.பி. போதும் என்ற இடத்தில் 64 கே.பி. போய்க்கொண்டிருந்தது, ஒரு லட்சம் தடவை. நான் பார்த்த பல கடைகளில் எல்லை தொட்ட கதையின் அடியில் இப்படி ஒன்றுதான் இருந்திருக்கிறது. வியாபாரம் பெருத்ததனால் நிறைவது அபூர்வம். வியாபாரத்தின் ஓரமாகச் சேரும் படமும் ஃபைலும் தடமும் நிறைப்பதே வழக்கம்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் வேன் இன்னும் வாசலில் நிற்கிறது. அன்றிரவுக்கு வேண்டியது கொஞ்சம் இடம், அதுவும் எந்தத் தகவலையும் இழக்காமல்.

முதலில் முழு பேக்கப், வெளி டிரைவுக்கு. நிறைந்த டேட்டாபேஸும் தடையில்லாமல் பேக்கப் ஆகும். எடுத்த பேக்கப்பை `RESTORE VERIFYONLY` கொண்டு ஒருமுறை சரிபார்த்தேன். முதலாளி அவசரப்படுத்தினார். "அண்ணாச்சி, இது இல்லாம நான் எதையும் தொட மாட்டேன்" என்றேன். கால் மணி நேரம் காத்திருந்தார்.

பிறகு இன்டெக்ஸ்களைப் பார்த்தேன். இன்டெக்ஸ் என்பது புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு மாதிரி. தேடலை வேகமாக்க டேட்டாபேஸ் தனியாக வைத்துக்கொள்ளும் வரிசை. அதை நீக்கினால் ஒரு பில்லும் போகாது. தேடல் மெதுவாகலாம், அவ்வளவுதான். எந்த இன்டெக்ஸ் பயன்படுகிறது என்று சர்வரே குறித்து வைக்கும். ஆனால் அந்தக் குறிப்பு சர்வர் நின்று எழும்போது அழிந்துவிடும். இந்தக் கடையில் தினமும் இரவு கம்ப்யூட்டரை அணைப்பார்கள் என்பதால் அன்று காலையிலிருந்துதான் கணக்கு இருந்தது. மாதம் ஒருமுறை ஓடும் ஜி.எஸ்.டி. அறிக்கைக்கு வேண்டிய இன்டெக்ஸும் அதில் பயன்படாதது போலத் தெரியும். அதை நம்பவில்லை. அதற்குப் பதிலாக ஒரே மாதிரி இரண்டு இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. விற்பனை டேபிளில் `IX_Sales_Date`, `IX_Sales_Date2` என்று ஒரே தேதி நெடுவரிசைமேல், ஒரே வரிசையில் இரண்டு. இன்னொரு டேபிளிலும் அப்படியே ஒரு ஜோடி. எப்போதோ யாரோ வேகம் போதவில்லை என்று இரண்டாவது தடவை போட்டிருக்கிறார்கள். மறுபடி வேண்டுமானால் உருவாக்கிக்கொள்ள அவற்றின் ஸ்கிரிப்டைத் தனியே சேமித்துவிட்டு, இரண்டு நகல்களையும் `DROP INDEX` செய்தேன். 310 எம்.பி. விடுபட்டது. ஏழே முக்காலுக்கு முதல் பில் ஏறியது.

நாளைக்கு 18 எம்.பி. என்ற கணக்கில் அது பதினைந்து நாளைக்குக் குறையாமல் தாங்கும். அந்தப் பதினைந்து நாளில் நிரந்தர வழியை யோசிக்க வேண்டும்.

"பழசை அழிச்சிருவோமா?" என்றார் முதலாளி. எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். பில்களை அழிக்கக் கூடாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். தணிக்கைத் தடத்தைத் துடைத்துவிடலாம் என்றும் சில சர்வீஸ்காரர்கள் சொல்வார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்கள், திருத்தங்களின் தடத்தைப் பதிவு செய்யும் கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. பிரைவேட் லிமிடெட் கடையில் அந்த டேபிளைத் துடைப்பவர் முதலாளியைச் சட்டச் சிக்கலில் இறக்கிவிடுகிறார். ஆடிட்டரிடம் கேட்காமல் அதில் கை வைக்கவே கூடாது.

அழிக்காமல் இடம்பெயர்ப்பதுதான் வழி. பி.டி.எஃப். நகல்கள் டேட்டாபேஸுக்குள் இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி ஒவ்வொரு நகலையும் பேஸ்64-இலிருந்து பழையபடி 24 கே.பி. பி.டி.எஃப். ஆக்கி, டி டிரைவில் நிதியாண்டு வாரியாக ஃபோல்டரில் எழுதினேன். டேபிளில் ஃபைல் இருக்கும் பாதை மட்டும். எழுதிய ஒவ்வொன்றும் திறக்கிறதா, அளவு சரியா என்று பார்த்த பிறகே அந்தப் பதிவில் `Copied` என்று குறியிட்டேன். மென்பொருளைச் செய்தவர்கள் ஃபோல்டரிலிருந்து படிக்கும்படி திருத்தித் தர இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார்கள். அது வந்து ஓடிய பிறகே உள்ளிருந்த நகலை நீக்கினேன். ஒரேயடியாக அல்ல, ஐந்நூறு ஐந்நூறாக:

```sql
UPDATE TOP (500) dbo.SalesDocs
SET PdfText = NULL
WHERE Copied = 1 AND PdfText IS NOT NULL;
```

ஏன் ஐந்நூறு? ஒவ்வொரு மாற்றத்தையும் சர்வர் முதலில் லாக் ஃபைலில் எழுதுகிறது. ஒரு லட்சத்தையும் ஒரே கட்டளையில் நீக்கினால், அது முடியும்வரை லாக்கில் எதையும் மறுபடி பயன்படுத்த முடியாது. லாக் ஊதிக்கொண்டே போய் இந்த முறை உண்மையாகவே டிஸ்க்கை நிறைத்துவிடலாம். டேபிளும் பூட்டிக்கொண்டு பில் போடுகிறவர் காத்துக் கிடப்பார். சிறு சிறு தொகுதியாகப் போனால் நடுவில் நிறுத்தலாம், தொடரலாம்.

எல்லாம் முடிந்த பிறகு தம்பி பயந்துபோய்க் கூப்பிட்டான். "அண்ணே, ஃபைல் இன்னும் பத்து ஜி.பி.தான் காட்டுது. ஒண்ணுமே குறையல." குறையாது. டேட்டா ஃபைல் ஒருமுறை பிடித்த இடத்தைத் தானாக விடாது. உள்ளே காலியான பக்கங்களைப் புதுப் பதிவுகளுக்குக் கொடுக்கும். மேலே சொன்ன கேள்வியில் `AllottedMB` அதே 10,240 காட்ட, `UsedMB` மட்டும் இறங்கியிருக்கும். பில் ஏற அது போதும். `DBCC SHRINKFILE` கொடுத்து ஃபைலைச் சுருக்க வேண்டிய அவசியமே இல்லை. சுருக்கினால் பக்கங்கள் இடம் மாறி இன்டெக்ஸ்கள் கலைந்து தேடல் மெதுவாகும். மறுநாளே ஃபைல் மறுபடி வளரத் தொடங்கும். எல்லை தொட்ட இரவில் பதற்றத்தோடு செய்யப்படும் வேலைகளில் மிக வீணானது இதுதான்.

ஃபோல்டருக்கு மாற்றுவதில் ஒரு விலை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இதுவரை ஒரு பேக்கப் எடுத்தால் எல்லாம் வந்துவிடும். இனி டேட்டாபேஸும் ஃபோல்டரும் சேர்ந்தே பேக்கப் ஆக வேண்டும். ஒன்றை மறந்தால், திரும்ப நிறுவும் நாளில் பில் இருக்கும், நகல் இருக்காது. இடத்தை மிச்சப்படுத்த யாராவது அந்த ஃபோல்டரையே அழித்துவிடும் ஆபத்தும் உண்டு. பில் போடும் கணக்குகளுக்கு அதில் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்திருக்கிறேன். இந்தக் குறை இல்லாத ஒரு வழி சர்வருக்குள்ளேயே இருக்கிறது. `FILESTREAM` என்று பெயர். ஃபைலை டிஸ்க்கில் தனியாக வைத்து, டேட்டாபேஸின் பகுதியாகவே நிர்வகிக்கும். பேக்கப்பில் தானாகச் சேரும், பத்து ஜி.பி. எல்லையில் சேராது, எக்ஸ்பிரஸிலும் உண்டு. ஆனால் அதற்கு டேபிளின் அமைப்பையும் மென்பொருள் எழுதும் விதத்தையும் மாற்ற வேண்டும். புதிதாக மென்பொருள் செய்கிறவர் என்னிடம் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

தணிக்கைத் தடத்துக்கு வேறு வைத்தியம் செய்தேன். 2016 பதிப்பின் முதல் சர்வீஸ் பேக்கிலிருந்து, அதுவரை விலையுள்ள பதிப்பில் மட்டும் இருந்த டேட்டா கம்ப்ரஷன் எக்ஸ்பிரஸுக்கும் வந்துவிட்டது. ஒரே சொல்லும் ஒரே பெயரும் திரும்பத் திரும்ப வரும் டேபிளுக்கு அது அருமையாக வேலை செய்யும். தணிக்கைத் தடம் அப்படிப்பட்டது.

```sql
ALTER INDEX ALL ON dbo.AuditLog
REBUILD WITH (DATA_COMPRESSION = PAGE);
```

1,940 எம்.பி. 700-க்கு இறங்கியது. இதை ஏன் முதல் இரவே செய்யவில்லை என்று கேட்கலாம். இந்தக் கட்டளை சுருக்கிய புது நகலை முழுதாகக் கட்டி முடித்த பிறகுதான் பழையதை விடும். அதற்குள்ளேயே இடம் வேண்டும். நிறைந்த டேட்டாபேஸில் இதைக் கொடுத்தால் அதே 1105 வந்து நிற்கும். முதலில் இடம், பிறகு சுருக்கம் என்ற வரிசை மாறக் கூடாது. அந்த பி.டி.எஃப். போன்ற பெரிய `max` வகைத் தகவல் பதிவுக்கு வெளியே தனிப் பக்கங்களில் கிடப்பதால் அதன்மேல் இந்தச் சுருக்கம் செல்லாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே தமிழில் தகவல் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இடம் பாதியாகும் என்று சொல்லி எல்லா `nvarchar` நெடுவரிசைகளையும் `varchar` ஆக்கச் சொல்லும் யோசனை சுற்றுகிறது. பேஸ்64 போன்ற வெறும் ஆங்கில எழுத்துக்கு அது சரி. வாடிக்கையாளர் பெயரும் ஊரும் தமிழில் இருந்தால், மாற்றிய நொடியில் ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப வராது. 2019 பதிப்பிலிருந்து `varchar`-இல் யு.டி.எஃப்-8 முறையையும் வைக்கலாம். அதில் தமிழ் அழியாது. ஆனால் `nvarchar`-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், யு.டி.எஃப்-8-இல் மூன்று. ஆங்கிலத்துக்கு மிச்சம், தமிழுக்குக் கூடுதல் செலவு. நம் பெயர்களை `nvarchar`-இலேயே விட்டுவைப்பது நல்லது.

இடம்பெயர்க்க எதுவும் இல்லாமல், உண்மையாகவே வியாபாரத் தகவலே பத்தைத் தொட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு இப்போது நேரான வழி 2025 எக்ஸ்பிரஸ். இலவசம், எல்லை 50 ஜி.பி. பழைய சர்வருக்குப் பக்கத்திலேயே வேறு பெயரில் நிறுவி, பேக்கப்பை அதில் திரும்ப ஏற்றி, மென்பொருளை அதோடு இணைத்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மாறலாம். அப்படிப் பார்த்தே மாற வேண்டும். ஏனென்றால் புதுப் பதிப்பில் ஒருமுறை ஏறிய டேட்டாபேஸின் பேக்கப்பைப் பழைய பதிப்பு ஏற்காது. திரும்பும் கதவு கிடையாது. விண்டோஸ் 7 ஓடும் பழைய கம்ப்யூட்டரில் இது ஏறவும் ஏறாது. இன்னொரு வரம்பு மாறவே இல்லை: டேட்டாவை நினைவகத்தில் வைத்துக்கொள்ள எக்ஸ்பிரஸ் எடுத்துக்கொள்வது 1,410 எம்.பி. மட்டும், ப்ராசஸரில் நான்கு கோர். கம்ப்யூட்டரில் 32 ஜி.பி. ரேம் இருந்தாலும் அவ்வளவுதான். நாற்பது ஜி.பி. டேட்டாபேஸை அந்த நினைவகத்தில் ஓட்டினால் பில் ஏறும், ஆனால் வருஷ அறிக்கை எடுக்கும்போது தேநீர் குடித்துவிட்டு வர நேரமிருக்கும்.

ஆண்டுக்கு ஒரு டேட்டாபேஸ் என்று பிரிப்பது நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகளுக்குப் பழகிய வழி. எல்லை தனித்தனி என்பதால் அது செல்லும். ஆனால் போன மார்ச்சில் விற்ற மருந்து காலாவதியாகி ஜூனில் திரும்பி வரும். அதன் பில் வேறு டேட்டாபேஸில் இருக்கும். இரண்டு டேட்டாபேஸுக்கு நடுவே இந்த வரவு அந்தப் பில்லுக்கு உரியது என்று சர்வர் காவல் காக்காது. மென்பொருள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று எழுதப்படாத மென்பொருளில் பிரித்தால் பாக்கிக் கணக்கு உதைக்கும்.

காசு கொடுத்து வாங்கும் ஸ்டாண்டர்ட் பதிப்பில் அளவைப் பற்றிய கவலையே வராது. அதன் எல்லையை எந்தக் கடையும் தொடப் போவதில்லை. 2022 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அமெரிக்கப் பட்டியல் விலை, சர்வருக்கு 989 டாலர், பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் 230 டாலர். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் கடைக்கு 3,749 டாலர். நிறுவியிருப்பதை அழிக்காமல், அதே இடத்தில் `Edition Upgrade` மூலம் மாற்றலாம் என்பதால் வேலை ஒரு மணி நேரம்தான். டெவலப்பர் பதிப்பும் இலவசம், அதற்கு எல்லையும் இல்லை என்று யாராவது அதை நிறுவித் தரக்கூடும். அது மென்பொருள் எழுதிச் சோதிப்பதற்கு மட்டும். கடையில் பில் போட அதற்கு உரிமம் கிடையாது. இரவல் வாங்கின பாத்திரத்தில் கல்யாணச் சமையல் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லிவிடுவேன்.

திருநெல்வேலிக் கடை எதையும் வாங்கவில்லை. எல்லாம் முடிந்தபோது `UsedMB` 2,612 காட்டியது. வியாபாரம் இதே அளவில் போனால் ஆண்டுக்கு 1,500 எம்.பி. சேரும், ஐந்து வருஷத்துக்குத் தாங்கும். எக்ஸ்பிரஸில் தானாக வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் கிடையாது என்பதால், விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் `sqlcmd` மூலம் மேலே சொன்ன இரண்டாவது கேள்வியை வாரம் ஒருமுறை ஓடவிட்டு, பதிலை ஒரு ஃபைலில் எழுத வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி தம்பி அந்த எண்ணைக் கவுன்டர் டைரியின் பின்பக்கத்தில் குறிக்கிறான். 8,500 தாண்டினால் போன் செய்ய வேண்டும் என்று அந்தப் பக்கத்தின் தலைப்பில் முதலாளியே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.